சீர் கொண்டுபோக முடியாத பொங்கலுக்குத் தங்கைக்கு ஒரு கடிதம்: எழுதும் முறை

நீலகிரியில் பொங்கல் வருவது கையில் காசு வற்றுகிற நேரத்தில். மார்கழி, தை மாதங்களில் குளிரும் வறட்சியும் சேர்ந்து தேயிலைச் செடியை மந்தமாக்கிவிடும். பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் உறைபனி விழுந்தால் இலையே கருகிப்போகும். கொழுந்து குறைந்தால் தற்காலிக ஆட்களுக்கு வேலை நாள் குறையும், நிரந்தர ஆட்களுக்குக் கூடுதல் கொழுந்துக்குக் கிடைக்கிற காசு குறையும். தீபாவளிக்கு வந்த போனஸ் அதற்குள் பள்ளிக் கட்டணமாகவும் கடைக் கடனாகவும் போயிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோக வேண்டும். பச்சரிசி, வெல்லம், பருப்பு, மஞ்சள் கொத்து, கரும்பு, வாழைப்பழம், முடிந்தால் சேலை வேட்டி. அதற்கு மேல் போக்குவரத்துச் செலவு.

முடியாத வருடத்தில் பலர் செய்வது, போகாமல் இருந்துவிட்டுப் பொங்கலன்று காலையில் கரும்பும் பானையும் போட்ட ஒரு வாழ்த்துப் படத்தை போனில் அனுப்பிவிடுவது. அந்தப் படம் அவளுக்கு ஏற்கெனவே பத்துப் பேரிடமிருந்து வந்திருக்கும். அதற்குப் பதிலாக ஓர் உள்நாட்டுக் கடிதம் எழுதுங்கள் என்கிறேன். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் எழுதிப் பழக்கமில்லாத பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இப்படிக் கடிதம் எழுத உதவியிருக்கிறேன். எப்படி எழுதினால் அது எடுபடுகிறது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், யார் காதில் விழும் என்று பாருங்கள்

சீர் என்பது பொருள் மட்டும் என்றால் அதைக் கடையில் அவளே வாங்கிக்கொள்வாள். அண்ணனோ தம்பியோ பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதை அவளுடைய மாமியார் பார்க்கிறார், கணவர் பார்க்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். இவளுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீடு இவளை மறக்கவில்லை என்று நாலு பேர் முன்னால் தெரிகிறது. சீர் இல்லாத வருடத்தில் கடிதம் இந்த வேலையைத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே கடிதம் அவளுக்கு மட்டும் போகிறது என்று நினைத்து எழுதக் கூடாது. பண்டிகை நாளில் வரும் கடிதத்தை வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிப்பார், இல்லையென்றால் கைமாறிப் போகும். மாமியார் காதில் விழுந்தால் அவளுக்குத் தலைகுனிவு வரக்கூடிய எதுவும் அதில் இருக்க வேண்டாம். அவள் உங்களிடம் தனியாகச் சொன்ன மனத்தாங்கல், உடம்புக்கு முடியாத விஷயம், குடும்பக் கடன், இதெல்லாம் போனில் பேசிக்கொள்ள வேண்டியவை. கடிதத்தில் இருப்பது அந்த வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது படித்தாலும் அவள் நிமிர்ந்து உட்காரும்படி இருக்க வேண்டும்.

எழுதுவதற்கு முந்தின நாள்: சங்கதி சேர்ப்பது

நேராகக் கடிதத் தாளில் ஆரம்பித்தால் கை தானாகவே 'நலம், நலமறிய ஆவல்' எழுதிவிட்டு நின்றுவிடும். அப்புறம் என்ன எழுதுவதென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிடுவோம். அதனால் முதல் நாள் ஒரு பழைய நோட்டுத் தாளை எடுத்துக்கொண்டு நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம், குறிப்பாக எழுதினால் போதும்.

அவள் கை பட்ட எது இன்னும் நம் வீட்டில் இருக்கிறது? இந்த வருடம் அவள் நமக்காக என்ன செய்தாள்? அவள் வாழ்க்கையில் இந்த வருடம் என்ன மாறியது? வரப்போகிற மாதங்களில் அவளுக்கு என்ன நல்லது நடக்க வேண்டும்?

பதில் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். 'ரொம்பப் பாசமானவள்' என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், கடிதம் எழுதுவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு போன் போட்டு வேலை எப்படி, பிள்ளை எப்படி என்று கேட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். தெரியாமல் எழுதினால் கடிதம் வாழ்த்து அட்டை போல் ஆகிவிடும்.

ஓர் உதாரணத்தை முழுதாகவே எடுத்துக்கொள்வோம். கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் தற்காலிக வேலை செய்கிற அண்ணன். தங்கையை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள், பனியன் கம்பெனியில் வேலை. வீட்டில் கணவர், மாமியார், முதல் வகுப்பு படிக்கிற பையன். அண்ணன் நோட்டுத் தாளில் எழுதிய குறிப்பு இவ்வளவுதான்: 'மேரக்காய்க் கொடி அவள் வைத்தது. ஐப்பசி மழையில் அம்மா காய்ச்சல், வந்து நாலு நாள் இருந்தாள். செக்கிங்கிலிருந்து ஓவர்லாக் மெஷினுக்கு மாறினாள். ராத்திரி வேலை குறைய வேண்டும். மாப்பிள்ளைக்குத் தோள் வலி. குட்டி மலை ரயில் பற்றிக் கேட்டான்.'

மேரக்காய் என்பது சௌசௌ. ஒரு கடிதத்துக்கு இந்தக் குறிப்பு தாராளம்.

முதல் வரைவு எங்கே கெடுகிறது

இத்தனை குறிப்பு கையில் இருந்தும் அவர் முதலில் எழுதியது இப்படித்தான் வந்தது:

*அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். இந்த வருஷம் பொங்கல் சீர் கொண்டுவர முடியவில்லை, என்னை மன்னித்துவிடு. கொழுந்து இல்லை, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கடன் கொடுத்தவர் வேறு வந்து நிற்கிறார். அம்மாவுக்கு மருந்து வாங்கவே காசு பத்தவில்லை. அடுத்த வருஷம் கண்டிப்பாக ரெண்டு மடங்காகச் செய்துவிடுகிறேன். மாப்பிள்ளை தவறாக நினைக்க வேண்டாம். இந்த ஏழை அண்ணனிடம் அன்பு மட்டும்தான் இருக்கிறது. அனைவருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள்.*

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை மாமியார் முன்னால் படித்தால் தங்கைக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். அம்மாவின் மருந்து என்றதும் அவளுக்குப் பண்டிகையே போய்விடும், அன்றைக்கே யாரிடமாவது வாங்கி ஐந்நூறு ரூபாய் அனுப்பப் பார்ப்பாள். அவளிடம் கேட்காமல் கேட்டதாக ஆகிவிடும். 'மாப்பிள்ளை தவறாக நினைக்க வேண்டாம்' என்று எழுதியதால், அதுவரை ஒன்றும் நினைக்காத மாப்பிள்ளைக்கும் நினைக்க ஒரு விஷயம் கிடைக்கிறது. 'ரெண்டு மடங்கு' என்ற வாக்கு அடுத்த தை வரை அண்ணன் தலையில் கடனாக உட்கார்ந்திருக்கும், நிறைவேறாவிட்டால் அடுத்த கடிதத்தில் இன்னும் பெரிய மன்னிப்பு தேவைப்படும். எல்லாவற்றுக்கும் மேல், இந்தக் கடிதத்தில் தங்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்க அண்ணனும் அவர் கஷ்டமும்தான். பெயரை மாற்றினால் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. வரைவில் உங்கள் குறையைச் சொல்லி 'இல்லை', 'முடியவில்லை', 'பத்தவில்லை' என்று வரும் வாக்கியங்களுக்குக் கீழே கோடு போடுங்கள். ஒன்றுக்கு மேல் கோடு விழுந்தால் கடிதம் சாய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

திருத்தி எழுதியது

*உ*

*கோத்தகிரி*
*ஜனவரி 5*

*அன்புள்ள பாப்பாவுக்கு,*

*அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, உன் அண்ணி, நான் எல்லோரும் நலம். அங்கே மாப்பிள்ளை, அத்தை, குட்டி எல்லோரும் நலம்தானே.*

*சித்திரையில் நீ வந்தபோது தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போன மேரக்காய் கூரை மேல் ஏறிவிட்டது. கைக்கு எட்டாத காயை அம்மா கம்பில் கொக்கி கட்டிப் பறிக்கிறாள். பக்கத்து லைனுக்குக் கொடுக்கும்போதெல்லாம் 'இது எம் பொண்ணு வெச்சது' என்று சொல்லாமல் கொடுப்பதில்லை.*

*ஐப்பசி மழையில் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது லீவு போட்டுவிட்டு வந்து நாலு நாள் கூடவே இருந்தாய். நீ இறங்கிப் போன அன்றைக்கு மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து, பஸ்ஸில் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தாயாமே, அதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். அந்த நாலு நாளும் குட்டியைப் பார்த்துக்கொண்டு உன்னை அனுப்பிவைத்த அத்தையை அம்மா தினமும் நினைத்துக்கொள்கிறாள். அம்மா இப்போது கோயில் வரைக்கும் தனியாகவே நடந்து போய் வருகிறாள்.*

*ஓவர்லாக் மெஷினுக்கு மாறிவிட்டதாகச் சொன்னாய். நம் வீட்டில் மெஷின் வேலை கற்றுக்கொண்ட முதல் ஆள் நீதான். மறுநாள் காலையில் பெரட்டில் வேலைக்கு வந்து நின்ற எல்லோரிடமும் சொன்னேன்.*

*இந்தப் பொங்கலுக்குச் சீர் கொண்டுவர இயலவில்லை. பங்குனி மழை விழுந்து கொழுந்து வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், கொடியில் காய் இருந்தால் அதுவும் கூட வரும்.*

*பொங்கலன்று இங்கே பானை பொங்கும்போது அம்மா உன் பெயரையும் குட்டி பெயரையும் சொல்லித்தான் குலவை போடுவாள். மெஷின் உன் கைக்கு நன்றாகப் பழகி, ராத்திரி வேலை குறைந்து, சாயங்காலம் குட்டியோடு உட்கார உனக்கு நேரம் கிடைக்கட்டும். மாப்பிள்ளையின் தோள் வலி முழுதாகக் குணமாகட்டும். அத்தைக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்.*

*குட்டிக்கு: மலை ரயிலுக்கு இன்ஜின் ஏன் பின்னாடி இருக்கிறது என்று கேட்டாயே, மாமா பதில் சொல்கிறேன். மேலே ஏறும்போது அது ரயிலைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த கம்பி இருக்கும், இன்ஜினின் பல் சக்கரம் அதைப் பிடித்துப் பிடித்து ஏறும். இதை உன் டீச்சரிடம் சொல்.*

*எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.*

*இப்படிக்கு,*
*உன் அண்ணன்*

ஏன் இந்த வரிசை

மரபான தொடக்கத்தை அவர் விட்டுவிடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. 'எழுதிக்கொள்வது', 'இப்படிக்கு' போன்றவை பெரியவர்கள் காதுக்குப் பழகினவை. மாமியார் பக்கத்தில் இருந்தால் அந்த மரியாதை தேவைப்படுகிறது. ஆனால் இரண்டு வரியில் அதை முடித்துவிட்டு உடனே மேரக்காய்க்கு வந்துவிடுகிறார். அந்த இடத்தில்தான் படிக்கிறவள் நிமிர்ந்து உட்காருவாள். அம்மா சொன்ன வார்த்தையைச் சொன்ன மாதிரியே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கடிதம் எழுத்துத் தமிழில் போகலாம், ஆனால் வீட்டில் ஒருவர் பேசியதை மட்டும் பேசிய மாதிரியே விட வேண்டும். 'இது என் மகள் நட்டது என்று அம்மா கூறுகிறார்' என்று திருத்தி எழுதினால் அம்மாவின் குரல் போய்விடும்.

நாலு நாள் வந்திருந்ததை எழுதிய இடம் கடிதத்திலேயே கனமான இடம். நன்றி என்ற சொல் அதில் இல்லை. கூடப் பிறந்தவளுக்கு 'மிக்க நன்றி' என்று எழுதினால் வெளி ஆளிடம் பேசுகிற மாதிரி இருக்கும். அவள் செய்ததை நடந்தபடியே திருப்பிச் சொல்கிறார். அவள் சொல்லாமல் மறைத்த சிரமமும் தனக்குத் தெரியும் என்று காட்டுகிறார், அவ்வளவுதான். கூடவே அந்தப் பத்தியில் மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் பங்கு போய்ச் சேர்கிறது. இது முகஸ்துதி ஆகிவிடக் கூடாது. 'உங்களைப் போல் உண்டா' என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையிலேயே செய்த ஒன்றை எடுத்துச் சொன்னால் மாமியாரே கடிதத்தை இன்னொரு முறை படிக்கச் சொல்வார். அவர் எதுவும் செய்யவில்லை என்றால் வணக்கம் மட்டும் போதும், இட்டுக்கட்ட வேண்டாம்.

சீர் பற்றிய வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் வைத்தால் மீதிக் கடிதம் முழுக்கச் சமாதானம் சொல்வதாகத் தெரியும். முடிவில் வைத்தால் அதுதான் மனத்தில் நிற்கும். சொல்லாமலே விட்டால் அவள் வீட்டில் யாராவது கேட்கும்போது அவள் பதில் தேட வேண்டியிருக்கும். அதனால் அவளைப் பற்றிய மூன்று சங்கதி முடிந்த பிறகு, வாழ்த்துக்கு முன்னால், ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம். மலையில் பிறந்தவளுக்குத் தையில் கொழுந்து இருக்காது என்பது தெரியும்.

வாக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அதிகப் பணம் இல்லாமலும் நிறைவேறக்கூடியதைக் கொடுங்கள். பங்குனியில் மழை விழுந்தால் செடி துளிர்க்கும், வேலை நாள் கூடும், அம்மாவோடு ஒரு நாள் பயணம் போக வழி பிறக்கும். மேரக்காய் விஷயத்தில் அப்படி ஒரு வாக்கும் வேண்டாமென்று 'காய் இருந்தால்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கவனம் நல்லது.

வாழ்த்துக்கு வருவோம். பண்டிகைக் கடிதத்தில் வாழ்த்துதான் பெரும்பாலும் சோடை போகிறது. 'எல்லா வளமும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க' என்பதில் குற்றமில்லை, ஆனால் அது யாருக்கும் பொருந்தும். அவள் இப்போது எதற்காக ஏங்குகிறாளோ அதைப் பெயர் சொல்லி வேண்டுங்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுப் பையன் தூங்கிய பிறகு வீட்டுக்கு வருகிறவளுக்கு 'ராத்திரி வேலை குறையட்டும்' என்பதைவிடப் பெரிய பொங்கல் வாழ்த்து எனக்குத் தோன்றவில்லை. ஆனால் குழந்தைப் பேறு, சொந்த வீடு, கணவரின் குடிப்பழக்கம் போன்றவற்றை வாழ்த்து என்று சொல்லி எழுதாதீர்கள். கூடத்தில் படிக்கும்போது குத்தலாகக் கேட்கும்.

பிள்ளைக்குத் தனியாக நாலு வரி எழுதுவதை நான் விடவே மாட்டேன். மாமா வந்தால் வர்க்கி வாங்கி வருவார் என்று எதிர்பார்க்கிற பிள்ளை அது. வெறும் 'குட்டிக்கு முத்தம்' அதற்குப் போதாது. அது கேட்ட கேள்விக்குப் பதில் எழுதினால் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோகும். முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும் என்பதால் அந்தப் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு எழுதுங்கள்.

படித்துப் பார்ப்பது

வரைவு முடிந்ததும் வீட்டில் ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், மனைவியோ அம்மாவோ யாராவது. கேட்டு முடித்ததும் அவர் முதலில் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். 'அவ்வளவு கஷ்டத்தையா எழுதறது?' என்று வந்தால் இன்னும் குறைக்க வேண்டும். 'அந்தப் பஸ் விஷயம் எனக்கே தெரியாதே' என்று வந்தால் கடிதம் சரியாக இருக்கிறது. படிக்கும்போது உங்களுக்கே மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். அம்மாவிடம் 'நீ என்ன சொல்லணும்' என்று கேட்டு, அவர் சொன்னதில் ஒரு வரியைச் சேர்த்தால் கடிதம் வீட்டுக் கடிதமாகிவிடும்.

கவிதை மாதிரி எதுகை மோனையோடு நாலு வரி சேர்க்கலாமா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. சொந்தமாக வந்தால் எழுதுங்கள். எங்கிருந்தோ எடுத்துப் போட்டால் அந்த நாலு வரிக்கு மட்டும் வேறு யாரோ வந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

தாள், முகவரி, நாள்

உள்நாட்டுக் கடிதம் தபால் நிலையத்தில் 2 ரூபாய் 50 காசு. மடித்து ஒட்டினால் அதுவே உறை. உள்ளே வேறு எதையும் வைக்கக் கூடாது, அது அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். பிள்ளை வரைந்த படம், போட்டோ ஏதாவது வைக்க வேண்டுமென்றால் 5 ரூபாய்த் தபால் உறை வாங்குங்கள், 20 கிராம் வரை அது செல்லும். தாளில் இடம் அளவானது என்பதும் நல்லதுதான், நீட்டி முழக்க முடியாது. மேலே காட்டிய கடிதம் நடுத்தரக் கையெழுத்தில் முன்பக்கமும் மடிப்புத் துண்டும் சேர்ந்து அடங்கும். பந்துமுனைப் பேனாவில் எழுதுங்கள். தையில் இங்கே விழுகிற பனி ஈரத்தில் மைப் பேனா எழுத்து சீக்கிரம் கசிந்துவிடும்.

முகவரியில் முதல் வரியில் அவள் பெயர் இருக்கட்டும், கணவர் பெயர் அடுத்த வரியில் வரட்டும். தபால்காரர் அவள் பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பதும் அந்தத் தெருவில் நாலு பேர் காதில் விழும். ஆறு இலக்கப் பின்கோடு தெரியாவிட்டால் அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் போனால் பண்டிகை நெரிசலில் தாமதமாகும். அனுப்புநர் பகுதியில் உங்கள் முகவரியையும் எழுதுங்கள். கோத்தகிரிக்கு 643217.

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். ஒரு வாரத்துக்கு மேல் இடம் விட்டு, 5 அல்லது 6ஆம் தேதிக்குள் போட்டுவிடுங்கள். எஸ்டேட் பக்கத்துப் பெட்டியில் போடாமல் ஊருக்குள் தபால் நிலையத்திலேயே போட்டால் ஒரு நாள் மிச்சமாகும். போகிக்கு முன்னால் சேர்ந்தால் நல்லது. பண்டிகை முடிந்து வந்து சேர்ந்தால், சீரும் இல்லை, நினைப்பும் தாமதம் என்று ஆகிவிடும். நாள் தவறிவிட்டால் அதே கடிதத்தைப் போனில் உங்கள் குரலில் படித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். அவளோ மாமியாரோ படிக்கத் தெரியாதவர் என்றாலும் குரல்தான் சரி. அப்படிச் செய்யும்போது பாதியாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் அடுப்படி வேலையில் இருக்கிறவள் கடைசி வரை கேட்க மாட்டாள்.

பொங்கலன்று போன் போடும்போது 'கடிதம் வந்ததா, சீர் செய்யலையேன்னு...' என்று ஆரம்பிக்காதீர்கள். தாளில் ஒரு வரியில் முடித்ததை வாயால் திரும்ப அவிழ்த்த மாதிரி ஆகிவிடும். குட்டி டீச்சரிடம் ரயில் கதை சொன்னானா என்று கேளுங்கள்.

கடிதம் போதாத இடம்

கல்யாணமாகி வருகிற முதல் பொங்கலுக்கு இது தனியாகப் போதாது. அந்த வருடச் சீரைச் சம்பந்தி வீட்டில் எதிர்பார்ப்பார்கள், பேச்சும் வரும். அப்போது முன்கூட்டியே, மார்கழி ஆரம்பத்திலேயே, வீட்டுப் பெரியவர் சம்பந்தியிடம் நேராகவோ போனிலோ பேசிவிட வேண்டும். தங்கை வாயால் சொல்ல வைக்கக் கூடாது. அப்புறம் ஒருவராவது வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஒரு படி பச்சரிசி, ஒரு வெல்ல உருண்டையோடு போய் வரப் பாருங்கள். கடிதத்தை அன்றைக்குக் கையிலேயே கொடுக்கலாம்.

அதே மாதிரி, சீர் வரவில்லை என்று சண்டை போடுகிற வீடாக இருந்தால் அங்கே கடிதம் பலிக்காது, சில வேளை அதையே வைத்துக் குத்திக்காட்டுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சீர் பற்றிய வரியை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் எழுதுங்கள். சீர் பேச்சைப் பெரியவர்கள் நேரில் உட்கார்ந்து பேசட்டும்.

அக்காவுக்கு எழுதுகிற தம்பி என்றால் வாழ்த்துப் பகுதி மட்டும் மாறும். வயதில் மூத்தவளை வாழ்த்துவதைவிட, அவள் ஆசீர்வாதத்தைக் கேட்டு எழுதுவதுதான் வழக்கம். 'அக்காவும் மாமாவும் எங்களை வாழ்த்த வேண்டும்' என்று எழுதிவிட்டு, அவளுக்கு நடக்க வேண்டியதை 'சாமியிடம் வேண்டிக்கொண்டேன்' என்று சொன்னால் மரியாதையும் இருக்கும், சொல்ல வேண்டியதும் சேர்ந்துவிடும்.

மடித்து ஒட்டுவதற்கு முன் கடிதத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மார்கழியில் எழுத உட்காரும்போது மேரக்காய்க் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டோமா என்று பார்க்கலாம். பங்குனியில் வருகிறேன் என்று எழுதியது அதற்கு முன்னாலேயே, பங்குனியிலேயே ஞாபகத்துக்கு வர வேண்டும், அதற்கும் அந்தப் படம் உதவும்.